1970-களின் தங்கம்: சார்ட்டைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

போன வாரம் புதிதாக டிரேடிங்கில் இறங்கிய தம்பி ஒருவர் ஒரு சார்ட்டை நீட்டினார். 1971-ல் அவுன்ஸ் 35 டாலர், 1980-ல் 850 டாலர். "ஒன்பதே வருஷத்துல 24 மடங்குண்ணே. இப்பவும் விலைவாசி ஏறுது, அப்ப வாங்கிப் போட வேண்டியதுதானே?" என்றார். இதே சார்ட்டை வைத்துக்கொண்டு நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசித் திரிந்தேன். நஷ்டமும் பட்டேன்.

35-ல் இருந்து கணக்குப் போடுவது

35 டாலர் என்பது சந்தை சொன்ன விலை அல்ல, அமெரிக்க அரசு 1934 முதல் கட்டிப்பிடித்து வைத்திருந்த விலை. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் அந்தப் பிடியை விட்டார். அடைத்து வைத்த தண்ணீர் பாய்ந்ததை ஆற்றின் வழக்கமான வேகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விலைவாசி ஏறினால் தங்கமும் ஏறும் என்று நம்புவது

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். பாதி உண்மை என்பதால்தான் இது இத்தனை பேரைச் சாய்க்கிறது.

இரண்டு வருடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1974-ல் அமெரிக்காவில் விலைவாசி சுமார் 11 சதவீதம் ஏறியது. 1981-ல் சுமார் 10 சதவீதம். கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் 1974-ல் தங்கம் 110 டாலர் வாக்கில் தொடங்கி ஆண்டு முடிவில் 190-ஐ ஒட்டி நின்றது. 1981-ல் 590 வாக்கில் தொடங்கி 400-க்கு இறங்கிவிட்டது.

வித்தியாசம் வட்டியில் இருந்தது. 1974-ல் மூன்று மாத அரசுக் கடன் பத்திரம் சராசரியாக 8 சதவீதம் தந்தது. 100 டாலர் போட்டால் வருட முடிவில் 108 கையில் வரும். ஆனால் 100 டாலர் பொருள் அதற்குள் 111 ஆகியிருக்கும். பத்திரத்தில் வைத்தவனுக்கு 3 டாலர் துண்டு. அதனால் வட்டியே தராத தங்கத்துக்கு ஓடினார்கள். 1981-ல் அதே பத்திரம் 14 சதவீதம் தந்தது. கையில் 114, பொருளின் விலை 110. சும்மா உட்கார்ந்திருந்தாலே 4 டாலர் மிச்சம் என்றால் எவன் தங்கத்தைக் கட்டிக்கொண்டு அழுவான்?

வட்டியில் இருந்து விலைவாசி உயர்வைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உண்மை வட்டி. பார்க்க வேண்டியது அதைத்தான். 1979 அக்டோபரில், அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைவர் பால் வோல்க்கர் வட்டி எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை என்று பணப்புழக்கத்தை இறுக்க ஆரம்பித்தார். அப்புறமும் மூன்று மாதம் தங்கம் ஏறியது. டெஹ்ரானில் அமெரிக்கப் பணயக் கைதிகள், ஆப்கானிஸ்தானில் சோவியத் படை என்று பயம் ஒரு பக்கம், வோல்க்கர் தாக்குப்பிடிக்க மாட்டார் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். 1980 ஜனவரி 21 அன்று லண்டனில் 850 தொட்டது. மறுநாளே சரிந்தது. ஆக, உண்மை வட்டி திசையைச் சொல்லும், தேதியைச் சொல்லாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் 2022 மார்ச்சில் விலைவாசிச் செய்தியைப் பார்த்துவிட்டு 2,000 டாலருக்கு மேல் பியூச்சர்ஸ் வாங்கினேன். விலைவாசி உயர்வு அதற்குப் பிறகும் கூடி, ஜூனில் 9 சதவீதத்தைத் தாண்டியது. தங்கம் இறங்கிக்கொண்டே போனது, ஏனென்றால் வட்டி அதைவிட வேகமாக ஏறும் என்று சந்தை கணக்குப் போட்டுவிட்டது. விலை இறங்க இறங்க மார்ஜின் பணம் கட்டிக் கட்டி ஓய்ந்து, 1,700-க்கு அருகில் விட்டு வெளியே வந்தேன். அடுத்த ஆண்டுகளில் மத்திய வங்கிகள் வாங்கிக் குவித்ததில், உண்மை வட்டி உயர்ந்தே இருந்தும் தங்கம் ஏறியது என்பது வேறு கதை. இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு.

"காத்திருந்தால் பழைய விலை வந்துவிடும்"

வந்தது, 2008 ஜனவரியில். 28 வருடம். அதற்குள் அமெரிக்க விலைவாசி சுமார் 2.7 மடங்கு ஆகிவிட்டது. 850 டாலர் திரும்பி வந்தபோது அது பழைய 850-ல் 40 சதவீதத்துக்கும் குறைவான பொருளைத்தான் வாங்கியது.

நடுவில் இருந்த பள்ளத்தை மறப்பது

1974 முடிவில் 195 வரை போனது, 1976 ஆகஸ்டில் 103-க்கு அருகில். ஏறுமுகத்துக்கு நடுவிலேயே பாதி போயிற்று. எத்தனை பேர் தாங்கியிருப்பார்கள்?

வெள்ளியையும் சேர்த்துப் பார்ப்பது

வேண்டாம். அது வெள்ளியை வாங்கிக் குவித்தே விலையை ஏற்றிய ஹண்ட் சகோதரர்கள் கதை.

பெரிய கைகளுக்குத் தெரியும் என்று நினைப்பது

பிரிட்டன் அரசு 1999 முதல் 2002 வரை சுமார் 395 டன் தங்கத்தை ஏலம் விட்டது. கிடைத்த சராசரி விலை அவுன்ஸுக்கு சுமார் 275 டாலர். மேலே சொன்ன 850 அதற்குப் பிறகு ஆறே வருடத்தில் வந்தது.