நீச்சல் தொப்பிக்குள் நீளக் கூந்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பி போட்டால் முடி நனையாது என்று நம்புவதுதான் முதல் தவறு. எவ்வளவு இறுக்கமான தொப்பியிலும் நெற்றி, பிடரி ஓரங்களில் தண்ணீர் புகும். முடியைக் கலையாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதனால் உலர்ந்த முடியோடு குளத்தில் இறங்காதீர்கள். காய்ந்த முடி முதலில் கிடைக்கும் தண்ணீரைத்தான் உறிஞ்சும். அது குளோரின் தண்ணீராக இருக்க வேண்டாமே. ஷவரில் வேர் முதல் நுனி வரை நன்றாக நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துவிட்டு, முடியின் கீழ்ப்பாதியில் கொஞ்சம் கண்டிஷனர் தடவினால் போதும்.

நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்தான் நினைவுக்கு வரும். எண்ணெய் நல்லதுதான், நேரம்தான் முக்கியம். முந்தைய இரவே ஒரு தேக்கரண்டி தேய்த்து ஊறவிட்டு, காலையில் மேலே நிற்கும் பிசுக்கை அலசிவிட வேண்டும். எண்ணெய் வழிய வழியத் தொப்பி போட்டால் அது வழுக்கும், லேட்டக்ஸ் தொப்பியென்றால் சீக்கிரம் பிசுபிசுத்துக் கிழியும், குளத்து நீரும் கெடும்.

அடுத்தது கொண்டை. இடுப்பு வரை முடி உள்ளவர்கள் உச்சியில் உருண்டையாகக் கட்டினால் தொப்பி கூம்பாக எழும்பி, மெல்ல மேலேறிக் கழன்றுவிடும். பிடரி மயிர்க்கோட்டுக்குக் கீழே இறக்கினாலும் பயனில்லை, தொப்பியின் ஓரம் அதன்மேல் ஏறி நழுவும். பின்மண்டை புடைத்திருக்கும் இடம்தான் சரி. இரண்டு பின்னல் போட்டு, இடது பின்னலை வலப்பக்கமும் வலது பின்னலை இடப்பக்கமுமாகப் பின்மண்டையில் தட்டையாகக் குறுக்கே படிய வையுங்கள். நுனிகளை உள்ளே செருகி, உலோகம் இல்லாத துணி ரப்பரால் கட்டலாம். கொண்டை ஊசி, கிளிப் எதுவும் வேண்டாம். தொப்பியையும் கிழிக்கும், தலையையும் குத்தும்.

தொப்பியின் முன் ஓரத்தை நெற்றி நடுவில் வைத்து, இரு கைகளையும் உள்ளே விட்டு விரித்துப் பின்பக்கமாக இழுங்கள். பின்னல்கள் முழுதும் உள்ளே போகாவிட்டால் சாதாரண அளவுத் தொப்பியோடு மல்லுக்கட்டாமல், நீள முடிக்கென்றே விற்கும் பெரிய சிலிகான் தொப்பியை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சுற்று நீந்தியதும் ஓரம் காதுக்கு மேல் ஏறியிருந்தால், கட்டு உயரத்தில் இருக்கிறது என்று பொருள்.

கரையேறியதும் அதே ஈரக் கொண்டையோடு வீட்டுக்குப் போவது பலரும் செய்வது. தண்ணீர் ஆவியாகும், அதிலிருந்த உப்புகள் முடியிலேயே தங்கிவிடும். உடனே பின்னலைப் பிரித்து இரண்டு நிமிடமாவது நல்ல தண்ணீரில் அலசுங்கள். வாரம் மூன்று நான்கு நாள் நீந்துகிறவர்கள் ஒவ்வொரு முறையும் காட்டமான ஷாம்பு போட்டால் முடி நாராகிவிடும். மென்மையான ஷாம்பு போதும். குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் அல்லது உலோகங்களைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள நீச்சல் ஷாம்பு வாரம் ஒருமுறை. ப்ளீச் செய்து வெளுத்த முடியில் பச்சை ஏறினால் அதற்குக் காரணம் தண்ணீரிலுள்ள செம்பு, ஈ.டி.டி.ஏ. அதைத்தான் பிடித்து இழுக்கும்.

கண்டிஷனர் இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். ஈர முடி எளிதில் இழுபட்டு அறுந்துபோகும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முழுதும் காய்ந்த பிறகே மறுபடி பின்னுங்கள்.