நம்பர் ஒன் என்றதும் அச்சகத்துக்கு ஓடாதீர்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் முதல் புத்தகம் போடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எழுத்துப்பிழை, மங்கலான அட்டை இதையெல்லாம் யாராவது சொல்லித் திருத்திவிடுவார்கள், அதை விடுங்கள். கையிலிருக்கும் காசைக் கரைக்கிற தவறு வேறு, விற்பனைப் பட்டியல்களைத் தப்பாகப் படிப்பது. அது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது.

ரேங்கை விற்பனை எண்ணிக்கையாகப் படிப்பது

திருமங்கலத்துத் தம்பி ஒருவர் சிறுகதைத் தொகுப்பை அமேசான் கிண்டிலில் போட்டார். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுக்களில் லிங்க் போனது. கல்லூரி நண்பர்கள், அலுவலகத்துக்காரர்கள், மாமன் மச்சான் என்று முப்பது பேர் ஒரு மணி நேரத்துக்குள் வாங்கிவிட்டார்கள். ஒன்பதரைக்குப் பார்த்தால் அவர் தேர்ந்தெடுத்த சின்னப் பிரிவில் முதலிடம். ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றியது. "அண்ணே, இனி அச்சில் போட்டால் பிய்ச்சுக்கிட்டு போகும்" என்று எனக்கும் அனுப்பினார். பொறுங்கள் தம்பி என்றேன், கேட்கவில்லை. அதற்குள் அச்சகத்தில் ஆயிரம் பிரதிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, பிரதிக்கு அறுபது ரூபாய் வீதம் அறுபதாயிரம். பெரும்பாலான பண்டல்கள் பரணில் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன.

நடந்தது இதுதான். அமேசானின் ரேங்க் எத்தனை விற்றது என்று சொல்வதில்லை, அந்தச் சமயத்தில் யார் யாருக்கு முன்னால் இருக்கிறார்கள் என்று மட்டும்தான் சொல்கிறது. அடிக்கடி புதுப்பிக்கப்படும் கணக்கு அது. பழைய விற்பனையும் சேரும் என்றாலும், அண்மையில் விற்றதற்கே எடை அதிகம். அதனால் ஒரு மணி நேரத்தில் முப்பது விற்ற நூல், தினம் நாலு நாலாக விற்கிற நூலை அன்று இரவு எளிதாகத் தாண்டிவிடும். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்: முதல் நூல் அதே முப்பதில் நிற்கும், இரண்டாவது நூற்றிருபது விற்றிருக்கும். ஆனால் ஸ்கிரீன்ஷாட் இருப்பது முதல் நூலுக்குத்தான்.

பிரிவு சிறியதாக இருந்தால் இன்னும் மோசம். ஓட்டப்பந்தயத்தில் இரண்டே பேர் ஓடினாலும் ஒருவர் முதலிடம்தானே. 2016-இல் அமெரிக்காவில் ஒருவர் தன் பாதத்தைப் படம் எடுத்து, அதையே மின்னூலாகப் போட்டு, மூன்றே பிரதி விற்று ஒரு பிரிவில் முதலிடம் பிடித்தார், இந்தக் கூத்தை அம்பலப்படுத்தத்தான் செய்தார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் ஒருவர் நூலை இரவல் எடுத்தாலும் அது ரேங்கில் சேரும். ஆனால் உங்களுக்குக் காசு வருவது படிக்கப்பட்ட பக்கங்களுக்குத்தான். ஊரே இரவல் எடுத்துவிட்டு முதல் பக்கத்தைக்கூடத் திறக்காவிட்டால் ரேங்க் மட்டும் ஏறும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நூலின் பக்கத்தில் கீழே `Best Sellers Rank` என்று இருக்கும். அதில் பிரிவு ரேங்கை விட்டுவிட்டு, மொத்தக் கிண்டில் கடையில் எத்தனையாவது என்பதைத் தினமும் ஒரே நேரத்தில் குறித்து வையுங்கள். ஒருநாள் உச்சிக்குப் போய் மறுநாளிலிருந்து சரிந்துகொண்டே வந்தால், வாங்கியவர்கள் உங்கள் ஆட்கள். இரண்டு மூன்று வாரம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்றால், முகம் தெரியாதவர்களும் வாங்குகிறார்கள். அமேசானில் மின்னூல் போடுகிற தளமான கேடிபியில் உங்கள் கணக்கைத் திறந்தால், நாள்வாரியாக எத்தனை ஆர்டர், எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று தனித்தனியாகவே இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஸ்கிரீன்ஷாட்டை நம்புவானேன்?

இலவசப் பட்டியலில் முதலிடம்

அமேசானில் இலவசமாகக் கொடுக்கிற மின்னூல்களுக்குத் தனிப் பட்டியல். அது அச்சுக்கு ஆதாரமாகாது.

பெரிய பத்திரிகைப் பட்டியல் என்றால் சுத்தம் என்று நினைப்பது

நியூயார்க் டைம்ஸ் தன் அதிகம் விற்ற நூல் பட்டியலை எல்லாக் கடைகளின் பில்லையும் கூட்டிப் போடுவதில்லை. தேர்ந்தெடுத்த கடைகள் வாராவாரம் தரும் கணக்கை வைத்துப் போடுகிறது, எந்தெந்தக் கடை என்பதை வெளியில் சொல்வதில்லை. மொத்தக் கொள்முதல் நடந்ததாகத் தெரியவந்த நூலுக்குப் பக்கத்தில் சின்னக் கத்திபோல ஒரு குறி இருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். 1983-இல் தன் நாவலைப் பட்டியலில் சரியாகச் சேர்க்கவில்லை என்று எழுத்தாளர் வில்லியம் பீட்டர் பிளாட்டி வழக்குப் போட்டபோது, இது வெறும் கூட்டல் கணக்கு அல்ல, ஆசிரியர் குழுவின் உள்ளடக்கம் என்று பத்திரிகைத் தரப்பே வாதாடியது. வழக்கில் பிளாட்டி ஜெயிக்கவில்லை.

தமுக்கத்து அரங்குப் பட்டியல்

மதுரை தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் ஒரு பதிப்பகம் ஒட்டி வைக்கிற 'அதிகம் விற்றவை' அந்த அரங்கில் விற்றது மட்டும்தான்.

பட்டியலில் இல்லாததை விற்காதது என்று நினைப்பது

இது தலைகீழ்த் தவறு. நூலக ஆணையில் போகிற பிரதி, பள்ளிக்கூடம் பரிசுக்கு வாங்குகிற பிரதி, சிம்மக்கல் பக்கத்துக் கடையில் ரொக்கத்துக்கு விற்கிற பிரதி எதுவும் அமேசான் ரேங்கில் ஏறாது. கோலப் புத்தகமும் பஞ்சாங்கமும் எந்தப் பட்டியலிலாவது பார்த்திருக்கிறீர்களா? அதனால் அச்சு எண்ணிக்கையை முடிவு செய்யும்போது கடைக்காரரிடம் போய், போன தடவை கொடுத்ததில் எத்தனை திரும்பி வந்தது என்று கேளுங்கள். முதலில் நூறு பிரதி அச்சடியுங்கள், இப்போது அவ்வளவு குறைவாகவும் அடித்துத் தருகிறார்கள். பிரதிக்கு விலை கொஞ்சம் கூடும், கூடட்டும்.