எழுத்துப்படியில் இருந்து எண்களை மட்டும் எடுக்கும்போது

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டம் இரண்டரை மணி நேரம் நடந்தது. ஒலிப்பதிவை எழுத்தாக்கியபோது நாற்பது பக்கம் வந்தது. அதிலிருந்து தொகைகளையும் திகதிகளையும் மட்டும் அட்டவணையாக எடுத்துத் தரச் சொன்னார்கள். முதல் தடவை நான் விட்ட பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேடலை நம்பியது முதல் பிழை. இலக்கங்களைத் தேடினால் போதாது, பேச்சில் வரும் தொகைகள் பெரும்பாலும் சொல்லாகத்தான் எழுதப்பட்டிருக்கும். சரி என்று "ஆயிரம்" தேடினேன். "ஐயாயிரம்" அகப்படவில்லை, ஏனென்றால் புணர்ச்சியில் "ஆ" என்ற எழுத்தே போய்விடுகிறது. "அரை" என்று தேடினால் "ஒன்றரை" வராது. அதனால் "யிர", "ரை", "நூ", "லட்ச", "கால்" என்று துண்டுகளாகத் தேட வேண்டும். தயிரும் உயிரும் கூடவே வரும், அவற்றைக் கழித்துவிடலாம்.

அப்படியும் தப்புவது உண்டு. பொருளாளர் பக்கம் 12இல் "சுவருக்கு எண்பத்தைஞ்சாயிரம்" என்கிறார். பக்கம் 31இல் "பொறுங்கோ, எழுபத்தெட்டுத்தான்" என்று திருத்துகிறார். ஆயிரம் என்ற சொல்லே அங்கே இல்லை. மேலே சொன்ன துண்டுகளில் எதைத் தேடினாலும் இது அகப்படாது, ஒருமுறை முழுவதும் வாசித்தே ஆகவேண்டும். நான் 85,000 என்று மட்டும் எழுதியிருந்தேன். இப்போது இரண்டையும் தனித்தனி வரிசையில் வைத்து, முதலாவதற்கு எதிரே "பின்னர் திருத்தப்பட்டது, பக்கம் 31" என்று குறித்திருக்கிறேன். பழையதை அழித்தால் சரிபார்ப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, சொன்ன சொல்லை வைக்காமல் என் விளக்கத்தை மட்டும் எழுதியது. "ஆனி பத்துக்கு முதல் தாறன்" என்று ஒருவர் சொன்னதை நான் ஜூன் 10 என்று போட்டேன். எங்கள் ஊரில் ஆனி என்றால் பெரும்பாலும் ஜூன்தான். ஆனால் அவர் பேசியது கோயில் திருவிழாக் கணக்கு. பஞ்சாங்கத்து ஆனி 10 என்றால் அது ஜூன் 24 அளவில் வரும். இரண்டு வாரம் வித்தியாசம்! "ஒண்டரை" என்பதும் அப்படித்தான். ஒன்றரை இலட்சமா, ஒன்றரை மணியா என்பதை முன்பின் வாக்கியம்தான் சொல்லும்.

ஆகவே என் அட்டவணையில் இப்போது பக்கம், ஒலிப்பதிவு நேரம், சொன்னவர், சொன்னபடியே வாக்கியம், நான் விளங்கிக்கொண்ட எண், அலகு என்று ஆறு நிரல்கள். "அடுத்த வெள்ளி" போன்றவற்றுக்காகக் கூட்டம் நடந்த திகதி அட்டவணையின் தலையிலேயே இருக்கிறது. விளங்காத இடத்தில் எண்ணை வெறுமையாக விட்டு, "கேட்க வேண்டும்" என்று எழுதுகிறேன். கூட்டிப் பார்த்த மொத்தங்களை இதற்குள் சேர்ப்பதில்லை, அவை யாரும் சொன்னவை அல்ல.

சரிபார்க்கும்போது இரண்டு பக்கமும் போகவேண்டும். அட்டவணையில் உள்ள வாக்கியத்தைப் பிரதியெடுத்து எழுத்துப்படியில் தேடுங்கள். அகப்படாவிட்டால் படியெடுக்கும்போது மாற்றிவிட்டீர்கள். அப்புறம் எழுத்துப்படியில் ஏதாவது மூன்று பக்கங்களை எடுத்து, அவற்றிலுள்ள ஒவ்வொரு எண்ணும் அட்டவணைக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டவை இந்த இரண்டாவது வழியில்தான் தெரியவரும்.