வங்கிக் கணக்கில் லியன் விழுந்தால்: நோட்டீஸை வரி வரியாகப் படிப்பது எப்படி?

கணக்கில் பணம் இருக்கிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. ஜிபே தோற்றுப்போகிறது, ஏடிஎம் கைவிரிக்கிறது, கிளைக்குப் போனால் "சைபர் கிரைம்ல இருந்து வந்திருக்கு சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார்கள். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. வங்கியால் எது முடியும், எது முடியாது என்பது வங்கிக்கு வந்த உத்தரவின் வாசகத்தைப் பொறுத்தது. அதை வாங்கிப் படிப்பதுதான் இந்தப் பதிவு.

கணக்கை முடக்க வருமான வரித்துறை, ஜிஎஸ்டி, அமலாக்கத்துறை, கடன் வழக்கு நடக்கும் நீதிமன்றம் என்று பலருக்கும் அதிகாரம் உண்டு. சிறு வியாபாரிகள் இப்போது அதிகம் மாட்டுவது சைபர் மோசடிப் புகாரில்தான் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒருவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். யாரோ வந்து பழைய போன் ஒன்றை வாங்கிக்கொண்டு யுபிஐயில் 18,000 ரூபாய் போட்டுவிட்டுப் போகிறார். சில வாரம் கழித்து, ஆப்பில் மொத்த இருப்பு 86,450 என்று காட்டுகிறது. `Available Balance` மட்டும் பூஜ்யம்.

முதலில்: இது லியனா, ஃப்ரீஸா?

இரண்டும் வேறு. லியன் என்றால் குறிப்பிட்ட தொகையை மட்டும் தனியே பிடித்து வைப்பது. மீதியை நீங்கள் தாராளமாக எடுக்கலாம். டெபிட் ஃப்ரீஸ் என்றால் பணம் உள்ளே வரும், வெளியே போகாது. டோட்டல் ஃப்ரீஸ் என்றால் வரவும் நிற்கும், செலவும் நிற்கும்.

பல வங்கிகளின் ஆப்பில் `Lien Amount` அல்லது `Hold Amount` என்று ஒரு வரி இருக்கும். மொத்த இருப்பில் இதைக் கழித்தால் கைக்குக் கிடைக்கும் தொகை வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு லியனோ ஃப்ரீஸோ கூடவே இருக்கிறது என்று அர்த்தம். லியன் தொகை இருப்பைவிடப் பெரிதாக இருந்தால் சில ஆப்களில் மைனஸில் காட்டும். யாரோ பணத்தை எடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம், இனி வரும் பணத்தையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதுதான் பொருள்.

அடுத்து: உத்தரவின் விவரத்தை எழுத்தில் கேளுங்கள்

எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணையோ வாட்ஸ்அப்பில் வந்த கடிதத்தில் இருக்கும் எண்ணையோ கூப்பிடாதீர்கள். "உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, விடுவிக்க இவ்வளவு கட்டுங்கள்" என்பதே தனி மோசடியாக ஓடிக்கொண்டிருக்கிறது. முடக்கத்தை நீக்குவதற்குப் போலீஸும் கட்டணம் வாங்காது, வங்கியும் வாங்காது. உங்கள் கிளைக்கு நேரில் போங்கள், அல்லது பாஸ்புக்கில் அச்சாகியிருக்கும் எண்ணில் கூப்பிடுங்கள். வங்கியின் கணினியில் லியன் இல்லையென்றால், கைக்கு வந்த நோட்டீஸ் எத்தனை முத்திரையோடு இருந்தாலும் அதை ஓரமாக வையுங்கள்.

லியன் இருக்கிறது என்றால் கிளை மேலாளருக்கு ஒரு ஈமெயில் போடுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"என் கணக்கில் போடப்பட்டுள்ள முடக்கம் தொடர்பாக, உத்தரவு அனுப்பிய காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் பதவி மற்றும் அலுவலக ஈமெயில், புகாரின் ஒப்புகை எண், சம்பந்தப்பட்ட பரிவர்த்தனையின் யுடிஆர் எண், தேதி, சர்ச்சைக்குரிய தொகை, வந்த உத்தரவின் நகல் ஆகியவற்றைத் தரவும்."

வாய்மொழியாகக் கேட்டால் மேலே போன் போட்டுப் பார்க்கிறேன் என்பார்கள். ஈமெயிலுக்குப் பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது பின்னால் பயன்படும்.

அனுப்பியவர் உண்மையானவரா?

இங்கே பின்னணி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பணம் இழந்தவர் 1930-க்குக் கூப்பிட்டோ cybercrime.gov.in தளத்திலோ புகார் பதிகிறார். அவருடைய வங்கி, பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று பார்த்துத் தளத்தில் ஏற்றுகிறது. அந்தக் கணக்கு இருக்கும் வங்கி, அங்கிருந்து எங்கே போனது என்று ஏற்றுகிறது. இப்படி அடுக்கடுக்காகப் போகும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் `Layer` 1, 2, 3 என்று எண் கொடுப்பார்கள். நம் கடைக்காரர் மூன்றாவது அடுக்கில் இருக்கிறார். அதாவது பணம் இழந்தவருக்கும் அவருக்கும் நடுவே இரண்டு கணக்குகள் இருக்கின்றன. எந்தப் போலீஸ்காரரும் அவர் பெயரைப் படித்துக்கூடப் பார்க்காமலே லியன் விழுந்திருக்கலாம். எஃப்ஐஆர் எண் இல்லாமல் ஒப்புகை எண் மட்டும் இருப்பதும் இதனால்தான். அதை வைத்துப் போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

உத்தரவில் சட்டப் பிரிவைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதில் 106-ஆவது பிரிவு சொத்தைக் கைப்பற்றும் போலீஸ் அதிகாரம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 102. அதற்கு முன்பே தொடங்கிய விசாரணை பழைய சட்டப்படி தொடரலாம் என்பதால் 102 என்று இருந்தாலும் போலி ஆகிவிடாது. ஆனால் 94-ஆவது பிரிவு (பழைய 91) மட்டும் போட்டிருந்தால் கவனியுங்கள்: அது ஆவணங்களைக் கேட்பதற்கான பிரிவு, பணத்தைப் பிடிப்பதற்கானது இல்லை. அதை வைத்து முடக்கியிருந்தால் பின்னால் நீதிமன்றத்தில் வாதாட உங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது.

ஈமெயில் முகவரி gov.in அல்லது nic.in என்று முடிகிறதா பாருங்கள். திரையில் தெரியும் பெயரை நம்பாமல் அதைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். சில ஸ்டேஷன்கள் இன்னும் ஜிமெயிலில் எழுதுவதுண்டு, அப்படியானால் cybercrime.gov.in தளத்தில் மாநில வாரியாகக் கொடுத்திருக்கும் நோடல் அதிகாரி, குறைதீர் அதிகாரி முகவரிக்கு ஒப்புகை எண்ணோடு எழுதிக் கேளுங்கள். அந்தப் பட்டியல் வேறு மாநிலப் போலீஸ் விஷயத்தில் பெரிய உதவி.

(வருமான வரி நோட்டீஸ் என்றால் இது சுலபம். அதில் டின் என்ற ஆவண எண் இருக்கும். incometax.gov.in தளத்தில் நோட்டீஸைச் சரிபார்க்கும் பகுதியில் போட்டால் துறை அனுப்பியதா இல்லையா என்று தெரிந்துவிடும்.)

எவ்வளவு தொகைக்கு?

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வங்கிக்கு வரும் அட்டவணையில் இரண்டு தொகைகள் இருக்கும். கடைக்காரர் விஷயத்தில் அது இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
Layer              : 3
Transaction Amount : 18,000
Disputed Amount    : 6,500
```

போன் வாங்கியவரின் கணக்குக்கு மோசடிப் பணம் வந்தது 6,500 மட்டும். மிச்சம் 11,500 அவருடைய சொந்தப் பணம். எனவே பிடிக்க வேண்டியது 6,500. ஆனால் பிடிபட்டிருப்பதோ 86,450.

முதல் வேலை, யுடிஆர் எண்ணை உங்கள் ஸ்டேட்மெண்டில் தேடுவது. யுபிஐ என்றால் 12 இலக்கம். தேதி, தொகை இரண்டும் ஒத்துப்போக வேண்டும். எண்ணே இல்லையென்றால், வேறு யார் கணக்கோ உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று அப்போதே எழுதுங்கள்.

எண் கிடைத்தால், உத்தரவின் வினைச்சொல்லைப் பாருங்கள். "சர்ச்சைக்குரிய தொகையை நிறுத்திவைக்கவும்" என்று மட்டும் இருந்து, வங்கி முழுக் கணக்கையும் பூட்டியிருந்தால் தவறு வங்கியுடையது. 6,500-க்கு லியன் வைத்துவிட்டு மீதியை விடச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். போலீஸிடம் போகவே வேண்டாம். "கணக்கை டெபிட் ஃப்ரீஸ் செய்யவும்" என்று உத்தரவிலேயே இருந்தால் வங்கி தானாகத் தளர்த்தாது. உத்தரவைத் திருத்தச் சொல்லி அதை அனுப்பியவரிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்பதற்குத் துணை உண்டு. சர்ச்சைக்குரிய தொகையோடு முடக்கத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற திசையில் கேரள உயர் நீதிமன்றம் 2023-லும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-லும் உத்தரவிட்டிருக்கின்றன.

எத்தனை புகார் இருக்கிறது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கின் மேல் இரண்டு மாநிலங்களில் இரண்டு புகார் இருக்கலாம். ஒன்றை முடித்துவிட்டு வந்து, அப்புறமும் பணம் வரவில்லையே என்று கிளையில் சண்டை போடுபவர்கள் நிறைய.

விடுவிப்பது எப்படி?

போட்டவர்தான் எடுக்க வேண்டும். விசாரணை அதிகாரிக்கு ஒரே பிடிஎஃப்பாக அனுப்புங்கள்: விற்பனை பில், அந்தப் போனின் ஐஎம்இஐ எண், வாங்கியவரின் எண் அல்லது சாட் இருந்தால் அதன் படம், அந்த மாத ஸ்டேட்மெண்ட், உங்கள் அடையாளச் சான்று, கடையின் உத்யம் அல்லது ஜிஎஸ்டி பதிவு. மேலே நாலு வரிக் கடிதம்: ஒப்புகை எண், யுடிஆர், பொருள் கொடுத்துப் பெற்ற பணம் இது, மோசடியோடு தொடர்பில்லை. ஈமெயிலின் தலைப்பிலேயே ஒப்புகை எண்ணைப் போடுங்கள். அவர்கள் தேடுவது அதை வைத்துத்தான். வேறு மாநிலமாக இருந்தால் ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. பல நேரம் ஈமெயிலிலேயே முடியும். நேரில் வரச் சொன்னால் எழுத்துப்பூர்வமான சம்மனைக் கேளுங்கள்.

அதிகாரி ஒப்புக்கொண்டால் தடையின்மைக் கடிதம், அதாவது என்ஓசி, கிடைக்கும். அதை நீங்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் வங்கி ஏற்பது அரிது. போலீஸின் அலுவலக ஈமெயிலிலிருந்து வங்கியின் நோடல் பிரிவுக்கு நேராகப் போக வேண்டும். உங்களுக்கு ஒரு நகல் கேளுங்கள். கடிதத்தில் ஒப்புகை எண், கணக்கு எண், விடுவிக்கும் தொகை மூன்றும் சரியாக இருக்கின்றனவா பாருங்கள். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் திரும்பவும் முதலிலிருந்து அலைய வேண்டும்.

அதிகாரி பதிலே தரவில்லை என்றால் அந்த மாநிலக் குறைதீர் அதிகாரி. அதற்கும் மேலே நீதிமன்றம்: 106-இன் கீழ் கைப்பற்றினால் மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், அந்த மாஜிஸ்ட்ரேட்டிடம் 503-ஆவது பிரிவில் மனு போடலாம். இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட். 6,500 ரூபாய்க்காக ரிட் போடுவது கட்டுப்படியாகாது. முழுக் கணக்கும் பூட்டிக் கிடந்தால் யோசிக்கலாம், அப்போது வக்கீலைப் பாருங்கள்.

வங்கி உத்தரவைத் தாண்டிப் பிடித்திருந்தாலோ விவரம் தர மறுத்தாலோ வங்கியின் குறைதீர் பிரிவில் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். போலீஸ் போட்ட உத்தரவை அவர் நீக்க மாட்டார், வங்கியின் பிழையைத்தான் பார்ப்பார்.

ஒன்று கவனிக்க வேண்டும். லியன் மறைந்தால் பணம் உங்களுக்கு வந்துவிட்டது என்று ஆகாது. பணம் இழந்தவர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியிருந்தால், வங்கி அந்த 6,500-ஐ அவருக்கு அனுப்பிவிட்டு லியனை எடுத்திருக்கும். எனவே லியன் போன அன்று ஸ்டேட்மெண்ட் எடுத்து, மொத்த இருப்பு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால், எந்த உத்தரவின்படி அனுப்பினார்கள் என்று அதன் நகலை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள்.