முதல்முறை சைக்கிள் வாங்குபவரைக் குழப்பும் விற்பனைக் குறிப்புகள்

"26 இஞ்ச் சைக்கிள், 150 முதல் 190 செ.மீ. வரை எல்லாருக்கும் பொருந்தும், 85 சதவீதம் அசெம்பிள் செய்தது, நல்ல டயர்."

சிங்கப்பூரில் சைக்கிள் விற்பவர்கள் இணையத்தில் போடும் குறிப்புகள் பல இந்த அச்சில்தான் இருக்கின்றன. சைக்கிள் தெரிந்தவர் இதைப் பார்த்தால் நாலு கேள்வி கேட்டுத் தெளிவாகிவிடுவார். முதல்முறை வாங்குபவருக்கு என்ன கேட்க வேண்டும் என்பதே தெரியாது. எழுதியிருப்பதை நம்பி துவாஸ் விடுதியிலிருந்து பிடோக் வரை வந்து, ஏறிப் பார்த்து, கால் எட்டாமல் திரும்பிப் போவார். விற்கும் உங்களுக்கும் ஒரு மாலை வீண்.

முதல் தவறு அந்த 26 இஞ்ச். அது சக்கரத்தின் அளவு, ஃபிரேமின் அளவு இல்லை. ஒரே 26 இஞ்ச் சக்கரத்தில் சின்ன ஃபிரேமும் வரும், பெரிய ஃபிரேமும் வரும். ஃபிரேம் அளவு என்பது சீட் செருகும் குழாயின் நீளம்: பெடல் கை சுழலும் அச்சின் நடுவில் டேப்பை வைத்து, அந்தக் குழாயின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். மலை சைக்கிளுக்கு இஞ்சிலும் சாலை சைக்கிளுக்குச் செ.மீ.யிலும் சொல்வது வழக்கம். ஸ்டிக்கரில் 'M' என்று இருந்தால் அதையும் போடுங்கள், ஆனால் அதை மட்டும் போடாதீர்கள். ஒரு கம்பெனியின் M இன்னொன்றின் S ஆக இருக்கும்.

சரி, ஃபிரேம் அளவை ஒழுங்காகப் போட்டாலும் புதியவருக்கு அதில் ஒன்றும் புரியப்போவதில்லை. "46 செ.மீ." என்றால் அவர் என்ன செய்வார்? அவருக்குத் தேவை தன் உயரத்துக்குப் பொருந்துமா என்ற பதில். அதனால் உயர வரம்புதான் குறிப்பின் உயிர். அங்கேதான் எல்லாரும் அளக்காமல் அடித்துவிடுகிறார்கள். 150–190 என்ற வரம்புக்குப் பொருந்துகிற ஒற்றை ஃபிரேமை நான் பார்த்ததில்லை. வாங்குபவர் கூட்டத்தைப் பெருக்குவதற்காக எழுதுகிற எண் அது.

அளந்தே எழுதலாம், டேப் ஒன்று போதும். ஒரு சாதாரண ஹைபிரிட் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். மேல் பார் உள்ள ஃபிரேம், 700சி சக்கரம், ஃபிரேம் அளவு 46 செ.மீ.

கீழ் வரம்பை முடிவு செய்வது மேல் பார். சிக்னலில் நிற்கும்போது சீட்டிலிருந்து இறங்கி, பாருக்கு இரு பக்கமும் பாதம் ஊன்றி நிற்க வேண்டும். தரையிலிருந்து பாரின் நடுப்பகுதி வரை அளந்தால் இந்தச் சைக்கிளில் 72 செ.மீ. வருகிறது. உடம்புக்கும் பாருக்கும் இடையில் 3 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். ஆக, ஓட்டுபவரின் உள்கால் நீளம், அதாவது கவட்டிலிருந்து பாதம் வரையிலான நீளம், 75 செ.மீ. இருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு உள்கால் உயரத்தில் 45 முதல் 47 சதவீதம் வரை இருக்கும். 46 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 163 செ.மீ.

மேல் வரம்பை முடிவு செய்வது சீட் போஸ்ட். அதில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி போஸ்ட்டை இழுக்கக் கூடாது. இழுத்தால் போஸ்ட் வளையலாம், ஃபிரேம் கழுத்தில் வெடிப்பு விடலாம். 190 என்று எழுதுபவர்களில் சிலர் கோடு தெரியத் தெரிய இழுத்து வைத்துப் படமும் எடுத்துப் போடுகிறார்கள்! கோடு மறையும் வரை இறக்கி, பெடல் கையின் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அளந்தால் நம் சைக்கிளில் 74 செ.மீ. இந்த உயரம் உள்காலில் சுமார் 0.883 பங்கு இருந்தால் மிதிப்பதற்குச் சரியாக இருக்கும் என்பது சாலை சைக்கிள்காரர்களின் பழைய கணக்கு. 74ஐ 0.883ஆல் வகுத்தால் உள்கால் 84 செ.மீ., உயரம் ஏறக்குறைய 182.

ஆனால் 182 என்று எழுத வேண்டாம். அந்த உயரக்காரருக்குச் சீட் உச்சிக்குப் போய்விடும், ஹேண்டில்பாரோ கிட்டத்திலேயே இருக்கும், முதுகைக் குறுக்கிக்கொண்டு ஓட்டுவார். நாலைந்து செ.மீ. குறைத்து 163–178 என்று போடுவதே நேர்மை. கூடவே "5 அடி 4 முதல் 5 அடி 10 வரை" என்றும் எழுதுங்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் நம் தம்பிகள் பலருக்குத் தங்கள் உயரம் அடியில்தான் தெரியும். கால் நீளம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், "உள்கால் குறைந்தது 75 செ.மீ." என்பதையும் சேர்த்துவிட்டால் சந்தேகப்படுபவர் சுவரோரம் நின்று அளந்துகொள்வார்.

மேல் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளுக்கும் மடக்கு சைக்கிளுக்கும் அந்த 72 செ.மீ. பிரச்சினை கிடையாது. அங்கே சீட் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதே கீழ் வரம்பு. மடக்கு சைக்கிள் என்றால் மடக்கிய அளவையும் போடுங்கள்: எம்ஆர்டியிலும் பேருந்திலும் 120 x 70 x 40 செ.மீ.க்குள் இருந்தால்தான் ஏற்றலாம்.

அப்புறம் அந்த "85 சதவீதம்". பெட்டியில் வரும் புது சைக்கிள் எல்லாவற்றுக்கும் இதே எண்ணைப் போடுகிறார்கள். மீதி 15இல் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. முன்சக்கரம், ஹேண்டில்பார், பெடல், சீட் மட்டும் மாட்ட வேண்டுமா, அல்லது பிரேக்கும் கியரும் சரிசெய்ய வேண்டுமா? முன்னது ஆலன் கீ, 15 மி.மீ. ஸ்பேனர் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும். பின்னது பழகாதவருக்குக் கடை வேலை. சதவீதத்தை விட்டுவிட்டு மீதமுள்ள வேலைகளையும் அதற்கான கருவிகளையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் குறிப்பிலேயே இருக்கட்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும், இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். L, R பார்க்காமல் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பெடல் கையின் மரையே தேய்ந்துபோகும். இன்னொன்று, முன் ஃபோர்க்கைத் திருப்பி மாட்டிவிடுவது. ரிம் பிரேக் வண்டியில் முன்பிரேக் ஃபோர்க்குக்கு முன்புறம் இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் டிஸ்க் ஓட்டுபவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். விற்பனைப் படத்திலேயே ஃபோர்க் திரும்பியிருக்கும் வண்டிகளைப் பார்க்கலாம், விற்பவரே கவனித்திருக்க மாட்டார்.

கடைசியாக டயர். "நல்ல டயர்" என்பதை அழித்துவிட்டு டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே எழுதுங்கள், 40-406 என்பது போல. முதல் எண் மி.மீ.யில் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம். 20 இஞ்ச் என்று விற்பதிலேயே 406ம் உண்டு, 451ம் உண்டு. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. மடக்கு சைக்கிள் வாங்கியவர் முதல் பஞ்சரின்போது இதில்தான் மாட்டிக்கொள்கிறார். பல்லுள்ள டயரா வழவழப்பானதா என்பதையும் சொல்லுங்கள். பூங்கா இணைப்புப் பாதையில் வேலைக்குப் போய் வருபவருக்கு வழவழப்பானதே லேசாக ஓடும். பல்லுள்ளது புலாவ் உபினின் கேத்தாம் மலைப்பாதைக்கு நல்லது, தாரில் இரைச்சலும் இழுவையும்தான் மிச்சம். வால்வு கார் டயரில் இருப்பது போன்ற தடித்த வகையா, ஒல்லியான பிரெஸ்டாவா என்று ஒரு வார்த்தை. பிரெஸ்டா என்றால் பெட்ரோல் நிலையக் காற்றுக் குழாய் நேராகப் பொருந்தாது. சின்ன அடாப்டர் ஒன்றைக் கூடவே கொடுத்துவிட்டு அதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.