மின்சாரக் காருக்கு மின்னேற்றம்: ஏசி எங்கே, டிசி எங்கே, எந்த இணைப்பி எதற்கு?

மின்சாரக் காரின் பேட்டரி நேர்திசை மின்னோட்டத்தை, அதாவது டிசியை மட்டுமே ஏற்கும். நம் வீட்டுக்கு வருவதோ மாறுதிசை மின்னோட்டமாகிய ஏசி. ஆகவே ஏசியை டிசியாக மாற்றும் வேலை எங்கேனும் நடந்தாக வேண்டும். அது காருக்குள்ளே இருக்கும் மின்னேற்றியில் நடந்தால் மெதுவான மின்னேற்றம். நிலையத்தில் நிற்கும் பெரிய பெட்டியில் நடந்தால் விரைவு மின்னேற்றம். காருக்குள் இடமும் எடையும் செலவும் கட்டுப்பட்டவை என்பதால், உள் மின்னேற்றியின் திறன் சிறியதாகவே இருக்கும். இந்தியாவில் விற்கப்படும் கார்களை முன்வைத்து இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: காரின் மின்னேற்றத் துளையைப் பாருங்கள்

மூடியைத் திறந்தால், மேலே ஏழு துளைகள் கொண்ட வட்டப் பகுதி தெரியும். அதுதான் டைப் 2. ஏசி மின்னேற்றத்திற்கு உரியது. ஏழில் மூன்று, மும்முனை மின்சாரத்தின் மூன்று கம்பிகளுக்கும், ஒன்று நியூட்ரலுக்கும், ஒன்று எர்த்துக்கும் உரியவை. மீதமுள்ள சிறிய இரண்டும் காரும் மின்னேற்றியும் ஒன்றையொன்று அறிந்துகொள்வதற்கானவை. இவற்றுக்குக் கீழே இரண்டு பெரிய துளைகள் இருந்தால் உங்கள் கார் சிசிஎஸ் 2 வகை. விரைவு மின்னேற்றத்தின்போது டிசி அந்த இரண்டு வழியாக நேரே பேட்டரிக்குச் செல்கிறது. மேல்பகுதியில் எர்த்தும் தகவல் முனைகளும் மட்டும் வேலை செய்கின்றன.

இந்தியாவின் பழைய வாடகைக் கார்கள் சிலவற்றில் ஜிபி/டி என்னும் சீன வகைத் துளை இருக்கும். நிலையக் கம்பியின் முனையில் கைப்பிடியோடு இருக்கும் இணைப்பியைக் கன் என்பார்கள்; சிசிஎஸ் 2 கன் இந்தத் துளையில் பொருந்தாது. இலங்கையில் ஓடும் ஜப்பானிய நிசான் லீஃப் கார்களில் ஏசிக்கு டைப் 1, டிசிக்கு சேடமோ என இரண்டு தனித் துளைகள் உண்டு. பயன்படுத்திய காரை வாங்குவோர் விலை பேசுவதற்கு முன்பே மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

படி 2: உள் மின்னேற்றியின் திறனை அறியுங்கள்

புதியவர்கள் பெரிதும் தடுமாறும் இடம் இதுதான். ஏசியில் வேகத்திற்கு உச்சவரம்பு வைப்பது கார். சுவரிலோ கம்பத்திலோ இருக்கும் கருவி உண்மையில் மின்னேற்றியே அன்று. எத்தனை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்று காருக்கு அறிவித்து, பாதுகாப்பைச் சரிபார்த்து, இணைப்பைக் கொடுக்கும் ஒரு சுவிட்ச் மட்டுமே. 22 கிலோவாட் ஏசி கம்பத்தில் செருகினாலும், 7.2 கிலோவாட் உள் மின்னேற்றி கொண்ட கார் 7.2 மட்டுமே எடுக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். 40 கிலோவாட் மணி பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்திற்கு ஏற்ற 24 கிலோவாட் மணி தேவை. 15 ஆம்பியர் பிளக்கில் கார் ஏறக்குறைய 3.3 கிலோவாட் எடுக்கும். மாற்றத்தில் கொஞ்சம் வெப்பமாக வீணாவதால் பேட்டரிக்குச் சேர்வது 3. ஆக எட்டு மணி நேரம். உள் மின்னேற்றி 7.2 கிலோவாட் என்றால், 32 ஆம்பியர் சுவர்ப் பெட்டியில் இதே வேலை நான்கு மணி நேரத்துக்குள் முடியும். இரவு முழுவதும் கார் வீட்டில்தான் நிற்கிறது என்றால், எட்டு மணி நேரம் ஒரு குறையே இல்லை என்பது என் கருத்து.

படி 3: வீட்டு இணைப்பைச் சரிபாருங்கள்

பல மணி நேரம் தொடர்ந்து 15 ஆம்பியர் ஓடுவதற்கு மெயின் போர்டிலிருந்து தனிக் கம்பியும், அதற்கென ஓர் எம்சிபியும் வேண்டும். எர்த் சரியில்லை என்றால் காருடன் வந்த மின்னேற்றக் கருவி சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும்; அது அதன் கோளாறன்று, எச்சரிக்கை. எர்த்தை ஏமாற்றும் குறுக்குவழிகளை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். முதல் முறை அரை மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்துச் சாக்கெட்டை மாற்றுங்கள்.

படி 4: நெடுஞ்சாலையில் டிசி

மின்னேற்ற நிலையங்களைக் காட்டும் செயலியில் தேடும்போது இணைப்பி வகையில் `CCS2` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `Type 2` என்றிருப்பது ஏசி. கன்னைச் செருகியதும் காரின் பேட்டரி மேலாண்மை அமைப்பு தனக்கு வேண்டிய வோல்ட்டையும் ஆம்பியரையும் நிலையத்திடம் கேட்கும். மேற்சொன்ன கார் 50 கிலோவாட் வரை ஏற்கும் என்றால், 60 கிலோவாட் நிலையத்தில் அந்த 24 கிலோவாட் மணி சுமார் அரை மணி நேரத்தில் ஏறும். ஆனால் நிலையம் இரண்டு கன்களுக்குத் திறனைப் பங்கிடும் வகையாக இருந்து, பக்கத்தில் இன்னொரு கார் நின்றால், ஆளுக்கு 30 கிலோவாட்தான். நேரம் 48 நிமிடமாகிவிடும். திரையில் கிலோவாட் எண் திடீரெனப் பாதியானால் முதலில் பக்கத்துக் கன்னைப் பாருங்கள்.

80 சதவீதத்தைத் தாண்டியபின் வேகம் குறைவது வேறு காரணத்தால். செல்களின் மின்னழுத்தம் உச்சவரம்பை நெருங்குவதால், கார் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. கடைசி 20 சதவீதத்திற்காகக் காத்திருப்பதைவிட அடுத்த நிலையத்திற்குப் புறப்படுவதே பெரும்பாலும் நேரத்தை மிச்சமாக்கும்.

முடித்தபின், செயலியில் மின்னேற்றத்தை நிறுத்தி, மின்னோட்டம் நின்றதை உறுதிசெய்து, காரின் பூட்டைத் திறந்த பிறகே கன்னை உருவுங்கள். அதுவரை கார் அதைப் பூட்டியே வைத்திருக்கும். பலம் கொடுத்து இழுத்தால் பூட்டுமுனை உடையும். காரின் பூட்டைத் திறந்த பின்னும் கன் விடவில்லை என்றால், பல கார்களில் கையால் இழுத்துப் பூட்டை விடுவிக்கும் கயிறு ஒன்று இருக்கும்; அது எங்கே இருக்கிறது என்பதைக் காரின் கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.