டீசல் இன்ஜினா, கரண்டு மோட்டாரா: ஒரு மணி நேரச் செலவை நாமே கணக்கிடுவது எப்படி?

எங்கள் கிணற்றில் பழைய 5 எச்பி டீசல் இன்ஜினும் உண்டு, 5 எச்பி கரண்டு மோட்டாரும் உண்டு. "இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டர்தான் குடிக்கும், பெரிசா ஒண்ணும் ஆகாது" என்பார் அப்பா. "அளந்து பார்த்துடலாம்பா" என்றேன். ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்தது.

முதலில் டீசல். இன்ஜின் சமதரையில் இருக்க வேண்டும். டேங்கைக் கழுத்து வரை நிரப்பி, சரியாக ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். மறுபடி அதே கழுத்து வரை அளவு குவளையால் ஊற்றுங்கள். எங்களுக்கு 1.1 லிட்டர் பிடித்தது. லிட்டர் 93 ரூபாய் என்று போட்டால் 102 ரூபாய். இன்ஜின் ஆயிலை மறந்துவிடாதீர்கள்: 100 மணிக்கு ஒருமுறை 3 லிட்டர் மாற்றுகிறோம், லிட்டர் 300 ரூபாய். மணிக்கு 9 ரூபாய். மொத்தம் 111.

அடுத்தது கரண்டு. மோட்டார் மட்டும் ஓடும்போது மீட்டரைத் தொடக்கத்தில் ஒருமுறையும் ஒரு மணி கழித்து ஒருமுறையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 4.5 யூனிட் ஓடியது. எங்களுடையது கட்டண இணைப்பு. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 36 ரூபாய். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போடுங்கள். இலவச இணைப்பு என்றால் இந்தச் செலவே இல்லை.

அப்பா இங்கேதான் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "ரெண்டும் ஒரே அளவு தண்ணியா கொட்டுது?"

சரி, குழாய் வாயில் 200 லிட்டர் டிரம்மை வைத்தோம். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுத்தோம். மோட்டார் 16 நொடியில் நிரப்பியது, அதாவது மணிக்கு 45,000 லிட்டர். இன்ஜினுக்கு 20 நொடி ஆனது, 36,000 லிட்டர். செலவை இதால் வகுத்தால் ஆயிரம் லிட்டருக்கு மோட்டாரில் 80 காசு, இன்ஜினில் 3 ரூபாய் 8 காசு.

இன்ஜின் ஏன் பின்தங்குகிறது? அப்பா பெல்ட் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். ரப்பர் கருகும் வாடை. பெல்ட் தளர்ந்து புல்லியில் வழுக்கினால் இன்ஜின் ஓடும், பம்பு அந்த வேகத்தில் சுற்றாது. இறுக்கிய பிறகு டிரம் 18 நொடியில் நிரம்பியது. ஆனால் பாரம் கூடியதால் டீசலும் 1.15 லிட்டர் ஆனது. ஆகவே எதைச் சரிசெய்தாலும் எண்ணெய், தண்ணீர் இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும். புதுக் கணக்கில் ஆயிரம் லிட்டருக்கு 2 ரூபாய் 90 காசு.

அப்புறம் வயலுக்கு வந்தோம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். இன்ஜினில் 5 மணி நேரம், 580 ரூபாய். மோட்டாரில் நாலரை மணி நேரம், 160 ரூபாய்.

"ஒரு பாய்ச்சலுக்கே நானூறு ரூபாயா!" என்றார் அப்பா. இன்ஜினை விற்கவில்லை. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடேறி காயில் கருகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்த நாட்களுக்கு இன்ஜின் இருக்கட்டும் என்றார். மோட்டார் கொட்டகைச் சுவரில் கரியால் 580, 160 என்று எழுதி வைத்திருக்கிறார்.